புல எண் 142/3பி, 142/5: பட்டா, வில்லங்கச் சான்று, அடமானப் பத்திரத்தின் சுருக்கம்

ஐயா,

நீங்கள் கொடுத்த தாள்களைப் படித்துவிட்டேன். அப்பாவின் கடன் தீர்ந்து நிலம் வில்லங்கமில்லாமல் இருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். அப்பா வாங்கிய கடன் அடைந்துவிட்டதாகவே தெரிகிறது. ஆனால் பதிவு அலுவலகக் கணக்கில் 2009ஆம் ஆண்டு அடமானம் இன்னும் திறந்தே கிடக்கிறது. 142/3பி மீது அது நிற்கிறது. 142/5 மீது அந்த அடமானம் இல்லை.

பட்டா எண் 318 உங்கள் பெயரிலும் தம்பி பெயரிலும் கூட்டாக இருக்கிறது. 142/3பி நஞ்சை, 0.48.5 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1 ஏக்கர் 20 சென்ட். 142/5 நஞ்சை, 0.30.0 ஹெக்டேர், 74 சென்ட். அவ்வளவுதான். "பட்டாவில் கடன் எதுவும் காட்டவில்லையே" என்று கேட்டீர்கள். நம்மூர்ப் பட்டாவில் கடனுக்கென்று ஒரு கட்டமே கிடையாது. பதிவான அடமானத்தை வில்லங்கச் சான்றில்தான் பார்க்க வேண்டும்.

வில்லங்கச் சான்று இரண்டு வைத்திருக்கிறீர்கள். இ-சேவை மையத்தில் எடுத்தது 142/3பி என்ற எண்ணுக்கு மட்டும் தேடியது. அதில் அடமானமே இல்லை. நீங்கள் நிம்மதியானது அதைப் பார்த்துத்தான். அப்பா பத்திரம் எழுதியபோது நிலம் உட்பிரிவாகவில்லை, புல எண் வெறும் 142/3. அதனால் அந்தப் பதிவு பழைய எண்ணின் கீழே உட்கார்ந்திருக்கிறது. 142/3 போட்டு 01-01-1990 முதல் எடுத்த இரண்டாவது சான்றில் மூன்று பதிவுகள் வருகின்றன:

644/2001, அடமானம், ரூ.40,000
1187/2009, அடமானம், ரூ.2,50,000
902/2011, இரசீது

கடைசி வரியில்தான் சிக்கல். இரசீது என்பது அடமானக் கடன் தீர்ந்ததற்கு எழுதிப் பதிவு செய்யும் ஆவணம். 2009க்குப் பிறகு வந்த இரசீது என்பதால் அது அந்தக் கடனுக்கானது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தப் பதிவில் முந்தைய ஆவண எண் என்ற இடத்தில் 644/2001 என்றே இருக்கிறது. பழைய 40,000 ரூபாய் அடமானத்துக்குத் தாமதமாக எழுதிய இரசீது அது. 1187/2009ஐக் குறிப்பிட்டு எந்த இரசீதும் பதிவாகவில்லை.

1187/2009 பத்திரத்தில் சொல்லியிருப்பது: ஆழ்துளைக் கிணறு, மோட்டாருக்காக ரூ.2,50,000 கடன், ஏழு வருடத் தவணை, கடைசித் தவணை 31-03-2017. சுவாதீனம் தராத சாதாரண அடமானம், நிலம் உங்கள் வீட்டார் உழவிலேயே இருந்தது. "வேறு வில்லங்கம் எதுவும் இல்லை" என்று ஒரு வரியும் உண்டு. அன்றைக்கு 2001 அடமானத்துக்கு இரசீதே எழுதவில்லை! எல்லாப் பத்திரத்திலும் வழக்கமாக வந்து விழும் வரி, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். இரண்டு பிரிவுகளைத்தான் கவனிக்க வேண்டும். ஒன்று, அப்பாவின் 1984 கிரயப் பத்திர அசலை வங்கி வாங்கி வைத்திருக்கிறது. இன்னொன்று, இந்தக் கடன் மட்டுமல்ல, பின்னால் அதே வங்கியில் வாங்கும் கடனுக்கும் இந்த நிலம் ஈடு. அப்பாவோ நீங்களோ பிறகு அங்கே பயிர்க்கடன் வாங்கி நிலுவை இருந்தால், இரசீது தர மாட்டார்கள்.

14-07-2016 தேதியிட்ட நிலுவையில்லாக் கடிதம் உங்களிடம் இருப்பது பெரிய பலம். தொகையும் கடன் தேதியும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றன. ஆனால் அது பதிவான ஆவணம் அல்ல, அதை வைத்து வில்லங்கச் சான்று மாறாது. 2021இல் தள்ளுபடியாகியிருக்கும் என்று தம்பி சொன்னாராம். அது கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வந்த தள்ளுபடி. இது வங்கியின் கிணற்றுக் கடன், அதில் சேராது. காலாவதி ஆகிவிட்டது என்பதும் சரியில்லை. ஈட்டு நிலத்தின் மீது பணம் கேட்டு வழக்குப் போடப் பணம் சேர வேண்டிய நாளிலிருந்து 12 ஆண்டு உண்டு. கடைசித் தவணையை வைத்துப் பார்த்தாலே 2029 வரை போகிறது. காலம் கடந்தாலும் பதிவு தானாக அழியாது.

அடுத்து, நிலுவையில்லாக் கடிதம், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, 1187/2009 நகல் ஆகியவற்றோடு கிளை மேலாளரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். கடன் முழுதும் தீர்ந்தால் மீட்பு இரசீதைப் பதிவு செய்து தரும்படி கேட்கும் உரிமை 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் இருக்கிறது. இரசீதில் 1187/2009 என்ற எண்ணும், பழைய எண் 142/3, இப்போது 142/3பி என்ற விவரமும் வர வேண்டும். இதை எழுத்தர் விட்டுவிட்டால் மறுபடி இதே குழப்பம்தான். அசல் கிரயப் பத்திரத்தையும் அன்றே கையோடு வாங்கிவிடுங்கள்.

பதிவானபின் 142/3, 142/3பி இரண்டு எண்ணுக்கும் புதிதாக வில்லங்கச் சான்று எடுத்து என்னிடம் காட்டுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தை அதுவரை எழுத வேண்டாம் என்று தம்பியிடமும் சொல்லிவிடுங்கள்.