மூன்றாம் சாட்சி

முதல் விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மாசி மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு மிராசுதார் களத்து வைக்கோல்போருக்குச் செல்வம் தீ வைத்ததைக் கண்ணால் பார்த்ததாகக் கோவிந்தன் சொன்னார். ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னார்.

எதிரிக் கூண்டில் நின்ற செல்வத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆறு மா குத்தகைக்காரன். கைக்குழந்தையோடு மனைவி கடைசி பெஞ்சில். மன்னார்குடி நடுவர் நீதிமன்றத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் அவன்மேல்தான் இரக்கம்.

செல்வத்தின் வக்கீல் எழுந்தார்.

"பெரியவரே, உங்க குடிசை யாரு இடத்துல?"

"மிராசுதார் இடங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து அங்கதான்."

"அதையும் சேர்த்துத்தானே செல்வத்துக்குக் குத்தகைக்கு விட்டாரு?"

"ஆமாங்க."

"அதுலேர்ந்து உங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது."

"அப்படியெல்லாம் இல்லைங்க."

வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டினார். "தாசில்தாருக்கு நீங்க குடுத்த மனு. இந்தக் கைநாட்டு உங்களுதா?"

கோவிந்தனுக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ரேகையைக் கண்டுபிடித்து, பக்கத்தில் தன் பெருவிரலை வைத்துப் பார்த்தார்.

"என்னுதுதாங்க."

"'அறுப்பு மிஷின் இறங்க வழி வேண்டும் என்று எனது குடிசையைப் பிரிக்கச் சொல்லி செல்வம் மிரட்டுகிறார்.' தீப்பிடிக்கறதுக்குப் பத்து நாள் முன்னாடி குடுத்திருக்கீங்க. செல்வம் ஜெயிலுக்குப் போனா குடிசை தங்கும். அதுக்குத்தான் பொய் சாட்சி?"

"குடிசை ஏதுங்க? மனு குடுத்த மறுநாளே கீத்தை உருவிப் போட்டுட்டாரு. பொஞ்சாதிக்குக் கை கால் வராது. நாலு ராத்திரி பனியில கெடந்தா."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தீ வெச்சதை நீங்க பார்க்கலை. சரியா?"

கோவிந்தன் முதன்முறையாகச் செல்வத்தைப் பார்த்தார். செல்வம் குனிந்துகொண்டான்.

"தீயைத்தாங்க பார்த்தேன். ஆளைப் பார்க்கலை. இவரு ஒரு ராத்திரியாவது வெளியில கெடக்கட்டும்னுதான் பேரைச் சொன்னேன்."

வக்கீலுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. உட்காரப் போனவரை நடுவர் கையமர்த்தினார்.

"1971லயே குடியிருப்புச் சட்டம் வந்தாச்சே பெரியவரே. அப்பா காலத்து இடம்னா உங்க பேருக்குக் கேட்டிருக்கலாமே?"

"யாரும் சொல்லலைங்கய்யா."

கடைசி பெஞ்சில் செல்வத்தின் மனைவி குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். பார்வை புருஷன் மேலேயே இருந்தது. அவளுக்கு இது புதுச் செய்தி போலிருக்கிறது.

"குடிசை சமாசாரம் வழக்குக்குச் சம்பந்தமில்லை, பதிய வேண்டாம்" என்றார் வக்கீல்.

"காரணத்தைக் கேட்டதே நீங்கதானே? பதியட்டும்" என்றார் நடுவர்.

தட்டச்சு முடிந்ததும் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்கள். கோவிந்தன் மைப்பெட்டிப் பக்கம் போகாமல் நின்றார்.

"அய்யா, பனியில கெடந்தது வரலீங்களே?"

குமாஸ்தா மறுபடி தாளை மிஷினில் செருகினார்.