பேரிங் ஹவுசிங்: சி.எம்.எம். ஆய்வறிக்கையின் தமிழ் வடிவம்

பாகம்: வார்ப்பிரும்பு பேரிங் ஹவுசிங், முதல் மாதிரி, வரிசை எண் 3
அளந்த நாள்: 14 மார்ச் 2025
பெறுவோர்: தரப்பிரிவுப் பொறியாளர்கள், எந்திரப் பிரிவு ஷிஃப்ட் பொறுப்பாளர்கள்
அளவுகள் அனைத்தும் மில்லிமீட்டரில்.

பாகம் கழுவித் துடைக்கப்பட்டு, 20 °C-இல் பராமரிக்கப்படும் அளவீட்டு அறையில் இரவு முழுவதும் வைக்கப்பட்ட பின்பே அளக்கப்பட்டது. ஐ.எஸ்.ஓ 1 தரம் நீள அளவுகளுக்கு வகுத்துள்ள மேற்கோள் வெப்பநிலை இதுவே. 3 மி.மீ. ரூபி முனை கொண்ட புரோப், அளப்பதற்கு முன் மேற்கோள் கோளத்தில் சரிபார்க்கப்பட்டது. இட அமைவு அளவீட்டின் விரிவாக்கிய நிச்சயமின்மை 0.006, துளை விட்டத்துக்கு அது 0.003.

டேட்டம் A என்பது அடித்தள முகம். அதன் தட்டைத்தன்மைக்கான டாலரன்ஸ் மண்டலம் 0.030 இடைவெளியுள்ள இரு இணைத் தளங்களுக்கு நடுவிலுள்ள பகுதியாகும். அளந்த மதிப்பு 0.018. டேட்டம் B ஆகிய Ø62 H7 முதன்மைத் துளையின் மேல் வரம்பு 62.030, கீழ் வரம்பு 62.000. அளந்த விட்டம் 62.021, பெயரளவிலிருந்து விலகல் +0.021. A-க்கு இதன் செங்குத்துத்தன்மை, Ø0.030 உருளை மண்டலத்தில் 0.014. டேட்டம் C ஆகிய Ø8 H7 டவல் துளையும் ஏற்புடையது. இவற்றில் பேச வேண்டியது எதுவுமில்லை.

கவனிக்க வேண்டியவை நான்கு போல்ட் துளைகள். விட்டம் 9.000 முதல் 9.200 வரை, A, B, C டேட்டங்களைக் கொண்டு இட அமைவு Ø0.200 Ⓜ. அதாவது, துளையின் அச்சு சரியான இடத்தை மையமாகக் கொண்ட 0.200 விட்டமுள்ள உருளைக்குள் இருக்க வேண்டும். துளை தன் அதிகபட்சப் பொருள் நிலையான 9.000-ஐ விட எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு போனஸ் டாலரன்ஸ் அந்த உருளையின் விட்டத்தோடு சேரும். வரைபடத்தில் டேட்டம் B-க்கு Ⓜ குறி இல்லை. ஆகவே டேட்டத்திலிருந்து கூடுதல் சலுகை எதுவும் கிடையாது.

துளை 1-இன் இட அமைவு 0.212, அனுமதி 0.258, துளை 2-க்கு 0.214, அனுமதி 0.261. துளை 3-இன் மதிப்பு 0.245. இது 0.200-ஐத் தாண்டுவதால் மேலோட்டமாகப் பார்ப்பவர் நிராகரித்துவிடக்கூடும். ஆனால் விட்டம் 9.064 ஆதலால் போனஸ் 0.064, மொத்த அனுமதி 0.264. எஞ்சும் 0.019 நிச்சயமின்மையைக் காட்டிலும் அதிகம் என்பதால், ஐ.எஸ்.ஓ 14253-1 தீர்மான விதிப்படி இத்துளை ஏற்கப்படுகிறது.

துளை 4 ஏற்கப்படவில்லை. திரையில் தோன்றும் வரிகள் இவை:

```
AX  NOMINAL   MEAS      TOL     BONUS   DEV      OUTTOL
X    31.820    31.916                    0.096
Y   -31.820   -31.924                   -0.104
D     9.000     9.041   0.200            0.041   0.000
TP    0.000     0.283   0.200   0.041    0.283   0.042
```

X, Y வரிகளிலுள்ள DEV குறியுடன் கூடிய விலகல். அச்சு எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை அது காட்டும். TP வரியிலுள்ள DEV-க்குத் திசை இல்லை. அது அச்சின் நகர்வை இரட்டிப்பாக்கிய விட்ட மதிப்பு: `2 × √(0.096² + 0.104²) = 0.283`. அந்த மதிப்பைக் கொண்டு எந்திரத்தின் ஆஃப்செட்டைத் திருத்தக் கூடாது. திருத்தத்துக்கு X, Y விலகல்களே உரியவை. OUTTOL என்பது அனுமதியான 0.241-க்கு வெளியே சென்ற அளவு.

நான்கு துளைகளின் சராசரி விலகல் X-இல் +0.083, Y-இல் −0.086. இதைக் கழித்துப் பார்த்தால், மிகுந்த விலகலுடைய துளை 4-இன் மதிப்புகூட 0.044-ஆகக் குறைகிறது. ஆகவே துளைகள் ஒன்றுக்கொன்று சரியான இடைவெளியில்தான் உள்ளன. தொகுதி முழுவதும் B-இலிருந்து ஒரே திசையில் நகர்ந்திருக்கிறது. டிரில் மழுங்கியதால் வரும் சிதறல் இவ்வாறு ஒரே பக்கமாகச் சாய்வதில்லை. முதன்மைத் துளையும் போல்ட் துளைகளும் வெவ்வேறு அமைப்புகளில் எந்திரமிடப்படுவதால், இரண்டாம் அமைப்பின் ஃபிக்ஸ்சர் இருத்தலையும் வேலைப் பூச்சியத்தையும் முதலில் சோதிக்க வேண்டும். துளைகள் 1 முதல் 3 வரை தேறியதற்குப் போனஸே காரணம் என்பதால், அவை ஏற்கப்பட்டன என்று இதைத் தள்ளிப்போடலாகாது.

முடிவு: பாகம் நிறுத்திவைக்கப்படுகிறது. துளை 4-ஐ அதே அச்சில் 9.120 முதல் 9.160 வரை பெரிதாக்கினால் அனுமதி குறைந்தது 0.320 ஆகும், விட்டமும் வரம்புக்குள் நிற்கும். வாடிக்கையாளரின் எழுத்துமூல ஒப்புதல் கிடைத்த பின்பே இந்த மறுவேலையைத் தொடங்க வேண்டும்; முடிந்ததும் A, B, C சீரமைப்பைப் புதிதாகச் செய்து நான்கு துளைகளையும் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டாம் அமைப்பு திருத்தப்படும் வரை அடுத்த பாகம் எந்திரத்தில் ஏற்றப்படக் கூடாது.

அளந்தவர்: முதுநிலைப் பரிசோதகர், அளவியல் ஆய்வகம்
சரிபார்த்தவர்: தரப்பிரிவுப் பொறியாளர்