லிட்டர் பால் அடக்கக் கணக்கு: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

அண்ணா,

இன்னும் மூன்று மாடு வாங்கலாமா என்று கேட்டீர்கள். வாயால் சொல்வதை விட ஒரு வருடக் கணக்கைப் போட்டே அனுப்புகிறேன். மாடு ஐந்து. சராசரியாக மூன்றரை மாடு கறவையில், ஒன்றரை வற்றி நின்றது. கன்றுக்கு விட்டது போக கேனில் விழுந்த பால் 15,330 லிட்டர், அதாவது நாளுக்கு 42.

பால் சங்கத்தில் கிலோவில் எடை போடுகிறார்கள். சீட்டில் இருந்த கிலோவை 1.03ஆல் வகுத்து லிட்டராக்கினேன். அப்படியே லிட்டராக எடுத்திருந்தால் சங்கத்துப் பாலில் மட்டும் 394 லிட்டர் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

| இனம் | ரூபாய் | லிட்டருக்கு |
|---|---|---|
| அடர்தீவனம், 160 மூட்டை × 1,500 | 2,40,000 | 15.66 |
| புண்ணாக்கு, தவிடு | 36,500 | 2.38 |
| வைக்கோல், 300 கட்டு × 180 | 54,000 | 3.52 |
| பசுந்தீவனம் | 20,000 | 1.30 |
| தாது உப்பு | 6,000 | 0.39 |
| வைத்தியம், சினை ஊசி | 16,000 | 1.04 |
| கரண்ட், பெட்ரோல், சில்லறை | 20,500 | 1.34 |
| காலை ஆள் கூலி | 73,000 | 4.76 |
| வீட்டு உழைப்பு | 1,09,500 | 7.14 |
| மாட்டுத் தேய்மானம் | 45,000 | 2.94 |
| தொழுவம், கறவை மெஷின், வெட்டு மெஷின்: தேய்மானமும் பழுதும் | 29,500 | 1.92 |
| காப்பீடு, கடன் வட்டி | 36,000 | 2.35 |
| மொத்தம் | 6,86,000 | 44.75 |
| கழிக்க வேண்டிய வரவு: சாணம், கன்று, காலிச் சாக்கு | 49,600 | 3.24 |
| அடக்கம் | 6,36,400 | 41.51 |

பசுந்தீவனத்தில் கையை விட்டுப் போனது 8,000 தான். மீதி 12,000, கோ-5 புல் நிற்கும் ஐம்பது சென்ட்டைக் குத்தகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் தொகை. நம் நிலம்தானே என்று விட்டால் கணக்கு நம்மையே ஏமாற்றும்.

மாட்டுத் தேய்மானம்: 70,000க்கு வாங்கின மாடு ஐந்து வருடம் கறந்தபின் 25,000க்குப் போகும் என்று வைத்தேன். குறைவது 45,000, வருடத்துக்கு 9,000, ஐந்து மாட்டுக்கு 45,000.

இப்போது நம் உழைப்புக்கு வருவோம். நான் மூன்று மணி நேரம், உங்கள் தம்பி பெண்டாட்டி இரண்டு மணி நேரம். மணிக்கு 60 என்று போட்டிருக்கிறேன். காலையில் சாணி அள்ள வரும் அக்காவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு 200 கொடுக்கிறோம். அவள் கூலி மணிக்கு 100! அதே விலையை நமக்கும் வைத்தால் லிட்டருக்கு இன்னும் 4.76 ஏறி, அடக்கம் 46.27 ஆகிவிடும்.

வரவு என்னவென்றால், சங்கத்துக்கு 13,140 லிட்டர், சராசரி 42.60. கொழிஞ்சாம்பாறைக் கடைகளுக்கு நாளுக்கு ஐந்து லிட்டர், 56 வீதம். வீட்டுக்கு ஒரு லிட்டர், அதையும் சங்க விலைக்கே எழுதினேன். எல்லாம் சேர்த்து 6,77,513, லிட்டருக்கு 44.20. மிச்சம் 2.68, அதுவும் நம் கூலியை அறுபதாக்கிக் கொண்டதால். கடைப் பால் இல்லாமல் சங்கத்தை மட்டும் நம்பியிருந்தால் 1.09 தான்.

நீங்கள் கேட்பீர்கள், கையில் ஓரளவு காசு நிற்கிறதே என்று. நிற்கும். நிலம், வீட்டு உழைப்பு, தேய்மானத்தை எடுத்துவிட்டு, பழுதுச் செலவை மட்டும் வைத்துக்கொண்டால் அடக்கம் 29.05 தான் வரும். அந்த எண்ணை நம்பித்தான் இங்கே பலர் மாடு கூட்டுகிறார்கள். நாலு வருடம் கழித்து மாட்டை மாற்றும்போது திரும்பவும் கடன்.

தீவன மூட்டைக்கு 100 ரூபாய் ஏறினால் லிட்டருக்கு 1.04 ஏறும். அதாவது சங்கப் பாலில் மிச்சம் அஞ்சு பைசா.

ஆனால் நம் கையில் இருக்கும் விஷயம் தீவன விலை இல்லை, செவலை மாடு. மூன்று தடவை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. அவள் பருவத்துக்கு வருவது ராத்திரியில். விடிகாலை வாலோரம் கண்ணாடி மாதிரி சளி ஒட்டியிருந்ததை நான் பார்த்த நாளில் டாக்டருக்குத் தகவல் போனது மத்தியானம். நேரம் தப்பிவிட்டது. நாலு மாதம் சும்மா நின்றாள், தின்றாள். அவளிடம் போன பால் சுமார் 900 லிட்டர். அது கிடைத்திருந்தால், அதற்கான கூடுதல் தீவனம் 9,000 போக, அடக்கம் 39.77க்கு இறங்கியிருக்கும்.

அதனால் என் முடிவு, இப்போது மாடு வாங்க வேண்டாம். கன்று போட்ட நாள், ஊசி போட்ட நாள் எல்லாம் தொழுவத்துச் சுவரில் எழுதியாயிற்று. பத்து மணிக்கு மேல் ஒரு சுற்று டார்ச்சோடு போகிறேன். செவலை சினை நின்றதும் எழுதுகிறேன். அதற்கு முன் மூன்று மாட்டுக்கு முன்பணம் ஒன்றும் அனுப்பாதீர்கள்.

தம்பி,
கொழிஞ்சாம்பாறை