ஆள் எடுப்பதை நிறுத்தினால் அது வேலை இழப்பா?

2013-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு இயந்திரங்களுக்குப் போகும் ஆபத்தில் இருப்பதாகக் கணித்தார்கள். மூன்றே ஆண்டுகளில், வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி-க்காகக் கணக்குப் போட்ட ஆர்ன்ட்ஸ் குழுவினர் அதே அமெரிக்காவுக்கு 9 விழுக்காடுதான் என்றார்கள். முதல் ஆய்வு தொழிலை முழுசாக எடுத்துக்கொண்டது. இரண்டாவது, ஒரே தொழிலுக்குள் ஒவ்வொருவரும் செய்கிற பணிகளைப் பிரித்துப் பார்த்தது. இவ்வளவு பெரிய வித்தியாசம் அந்த முறையிலிருந்துதான் வருகிறது. ஆனால் இரண்டுமே எது நடக்கக்கூடும் என்று சொல்பவை. எது நடந்தது என்பதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

நடந்ததில் ஆறுதலான பக்கத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஏடிஎம். அமெரிக்காவில் 1995-க்கும் 2010-க்கும் இடையில் ஏடிஎம் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரு லட்சத்திலிருந்து நான்கு லட்சமானது. வங்கிக் காசாளர் வேலை அழியவில்லை. 1980-இல் 5 லட்சமாக இருந்தது, 2010-இல் 5.5 லட்சம். கிளை நடத்தும் செலவு குறைந்ததால் கிளைகள் பெருகின, காசாளர் மற்ற சேவைகளை விற்பவரானார். எதிர்ப்பக்கத்தில் பொருளாதார அறிஞர்கள் அசெமோக்லுவும் ரெஸ்ட்ரெப்போவும் இருக்கிறார்கள். ஆயிரம் தொழிலாளருக்கு ஒரு ரோபோ கூடினால், மக்கள்தொகையில் வேலையில் இருப்போர் பங்கு 0.2 விழுக்காட்டுப் புள்ளி குறைகிறது, கூலி 0.4 விழுக்காடு குறைகிறது என்று 1990-2007 அமெரிக்கத் தரவிலிருந்து காட்டினார்கள்.

இந்த இரண்டையும் மோதவிட்டு யார் ஜெயித்தார் என்று பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. மூன்றாவதாகவும் நான்காவதாகவும் உள்ள இரண்டு ஆய்வுகள்தான் முக்கியம். ஜெர்மனியில் தவுத் குழுவினர் கண்டது: ரோபோ வந்ததால் ஆலை வேலைகள் குறைந்தன, அதைச் சேவைத் துறை ஈடுகட்டியது. ஏற்கெனவே ஆலைக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே வேறு பணிக்கு மாறித் தப்பித்தார்கள். கதவு மூடியது இளைஞர்களுக்கு. அமெரிக்காவில் தொலைபேசி இணைப்பகங்கள் தானியங்கியானபோது நேர்மாறாக நடந்ததை ஃபைகன்பாமும் கிராஸும் காட்டினார்கள். 1920-40 காலத்தில் அங்கே ஆபரேட்டராக இருந்த பெண்கள், பத்து ஆண்டு கழித்து வேலையில்லாமலோ குறைந்த கூலியிலோ இருந்தார்கள். அடுத்த தலைமுறை இளம்பெண்களுக்கு மொத்தத்தில் வேலை குறையவில்லை. அலுவலகங்களிலும் உணவகங்களிலும் சேர்ந்தார்கள்.

ஆக, மொத்த எண்ணிக்கை தாக்குப்பிடிக்கலாம். அடி யார் தலையில் விழுகிறது என்பதை உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும் ஏற்பாடு இருக்கிறதா இல்லையா என்பது தீர்மானிக்கிறது. பெங்களூரில் நான் பார்ப்பது விசித்திரமானது. இங்கே இரண்டு அடியும் ஒரே கூரையின்கீழ் விழுகின்றன.

பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் ஆலை. அங்கே இருபது ஆண்டுக்கு மேல் தைக்கும் ஒரு அக்காவிடம் பேசினேன், தர்மபுரியிலிருந்து வந்தவர். மிஷின் வந்து வேலை போச்சா என்று கேட்டதும் சிரித்தார். “எங்கள யாரும் தூக்கல தம்பி. முன்னாடி தைச்சு முடிச்ச பீஸ்ல நூல் வெட்டறதுக்குன்னே ஹெல்பர் பொண்ணுங்க இருப்பாங்க. இப்ப மிஷினே வெட்டிடுது. அந்தப் பொண்ணுங்களும் போனப்புறம் அந்த இடத்துக்கு வேற ஆள் எடுக்கல, அவ்வளவுதான்.”

அந்த ‘அவ்வளவுதான்’ பெரிய விஷயம். இவரும் ஹெல்பராகத்தான் சேர்ந்தார். சாப்பாட்டு நேரத்தில் காலி மிஷினில் உட்கார்ந்து பழகி டெய்லரானார். துணி நெளியும், வழுக்கும். அதைப் பிடித்து ஊசிக்குக் கொடுக்கும் கையை இன்னும் எந்த இயந்திரமும் மலிவாக நகலெடுக்கவில்லை. அதனால் டெய்லர் வேலை இருக்கிறது. ஏறி வரும் படி போய்விட்டது. தையல் தெரியாமல் ஊரிலிருந்து வரும் பெண்ணுக்கு வாசல் குறுகிவிட்டது. இது எந்த ஆலையின் ஆட்குறைப்புக் கணக்கிலும் வராது.

சட்டமும் இதற்குத் துணை. தொழில் தகராறு சட்டத்தின் ஐந்து-பி அத்தியாயப்படி, நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலை ஆட்குறைப்பு செய்ய அரசு அனுமதி வேண்டியிருந்தது. 2020-இன் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அந்த வரம்பை முந்நூறாக்கியது. அனுமதி கேட்டு அலைவதைவிட ஓய்வு பெறுபவரின் இடத்தைக் காலியாக விடுவதும், விஆர்எஸ் கொடுப்பதும், ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பதும் நிர்வாகத்துக்குச் சுலபம். தொழில்களின் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒப்பந்தத் தொழிலாளர் பங்கு 2000 வாக்கில் ஐந்தில் ஒன்று. 2022-23-இல் 40 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஜெர்மானியக் கதை, ஒப்பந்தத்தில் வந்தவருக்கு அந்த ஆபரேட்டர் பெண்களின் கதை. அவர் பெயரை மறுநாள் காலை கேட்டில் இருக்கும் பட்டியலிலிருந்து எடுத்தால் போதும்.

இதற்கு இயந்திரம் மட்டும்தான் காரணமா? இல்லை. இங்கே நம் ஊர் உதாரணம் ஒன்றில் எச்சரிக்கை தேவை. எச்எம்டி கைக்கடிகாரத்தைக் குவார்ட்ஸ் கொன்றது என்று ஜாலஹள்ளிப் பக்கம் வளர்ந்த தமிழர்கள் பலர் சொல்வார்கள். குவார்ட்ஸில் நகரும் பாகங்கள் குறைவு, பொருத்தும் கைவேலையும் குறைவு, உண்மைதான். ஆனால் அதே குவார்ட்ஸை வைத்து, டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-இல் தொடங்கிய டைட்டன் பக்கத்து ஓசூரில் ஆள் எடுத்தது. தொழில்நுட்பம் ஒன்று, விளைவு இரண்டு. பொதுத்துறையின் தயக்கம், 1991-க்குப் பிந்தைய போட்டி எல்லாவற்றையும் சேர்த்து ‘மிஷின் தின்றது’ என்று எழுதுவது சோம்பேறித்தனம். ஒப்பந்தமுறை பெருகியதையும் அப்படித்தான் எடைபோட வேண்டும்: இயந்திரம் வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, சில நாளில் கற்றுக்கொள்ளக்கூடியதாக மாற்றுகிறது. அதை ஒப்பந்தமாக்குவது முதலாளியின் முடிவு.

பிறகு, நம் புள்ளிவிவரம். 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில் வேலையின்மை 3.2 விழுக்காடுதான். நிம்மதியான எண் மாதிரித் தெரியும். அதே கணக்கெடுப்பில் சுயதொழில் செய்வோர் 58 விழுக்காட்டுக்கு மேல், 2017-18-இல் 52. வேலை போனவர் சும்மா உட்கார இங்கே பெரும்பாலோருக்கு உதவித்தொகை இல்லை. அவர் இட்லிக் கடை போடுவார், ஆட்டோ ஓட்டுவார், ‘சுயதொழில்’ பத்தியில் சேர்ந்துவிடுவார். அந்த உயர்வுக்கு விவசாயம், கொரோனா என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் வேலை ‘உருமாறியது’ என்று சொல்ல இந்த எண்ணைச் சான்றாகக் காட்டுபவரை நான் நம்பமாட்டேன். கணக்கெடுப்பவர் ஒரு வீட்டுக்கு நான்கு முறை போனதும் விட்டுவிடுகிறார். ஒருவரைப் பத்து ஆண்டு பின்தொடரும் தரவு இல்லாமல் ஃபைகன்பாம்–கிராஸ் மாதிரி ஆய்வு இங்கே சாத்தியமில்லை.

பிஎஃப் கணக்குக்கு 2014-இல் வந்த யுஏஎன் எண் அதற்கு ஓரளவு உதவும். ஆலை மாறினாலும் எண் மாறாது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல், அது 2016 ஏப்ரலில் தெருவில் தெரிந்தது. முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று விதி வந்ததும், பெங்களூர் கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையை மறித்தார்கள். சங்கம் கூப்பிட்டு வந்த கூட்டமும் இல்லை அது. இரண்டாம் நாளே அரசு பின்வாங்கியது. அந்தப் பணத்தை முதுமைக்கு என்று அவர்கள் வைத்திருக்கவில்லை. அடுத்த வேலை கிடைக்கும்வரை சாப்பிட வைத்திருந்தார்கள். வேலை கைமாறும்போதெல்லாம் கணக்கை மூடிப் பணத்தை எடுப்பவரை அந்தப் பதிவேட்டிலும் நாம் இடையிலேயே தொலைத்துவிடுவோம்.