கூறை மாற்றப் போன இருபத்தைந்து நிமிடம்

முதல் படத்தை ஒருக்கால் பெரிதாக்கிப் பாருங்கள். மணவறையில் மாப்பிள்ளை தனியே இருக்கிறார். தலைப்பாகை, சால்வை, பக்கத்தில் தோழன். மணப்பெண் இருந்த இடம் வெறுமை. அவள் தலையிலிருந்து உதிர்ந்த இரண்டு மல்லிகைப்பூ மட்டும் அங்கே கிடக்கிறது. கூறைத்தட்டு சபை முழுக்கச் சுற்றி வந்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்து, பெண் அதை வாங்கிக்கொண்டு உடுத்து வர உள்ளே போய்விட்டாள். மேளகாரர் கொஞ்சம் ஆறுகிறார்கள். சபையில் சோடா கொடுக்கிறார்கள். எல்லோரும் ஒருவரோடு ஒருவர் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மாப்பிள்ளையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அவர் வலக்கை மோதிரவிரலில் தர்ப்பைப் பவித்திரம் இருக்கிறது. அதை இடக்கைப் பெருவிரலால் மெல்லச் சுற்றிக்கொண்டே, பெண் போன கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருபத்தைந்து நிமிடமும் அப்படித்தான் இருந்தார். நான் பந்தலின் ஓரத் தூணோடு ஒட்டி நின்று, 85 மில்லிமீற்றர் லென்ஸால், பிளாஷ் போடாமல் எடுத்தேன். அவருக்குத் தெரியாது.

அல்பம் கையில் கிடைத்த அன்று மணப்பெண் லண்டனிலிருந்து குரல் செய்தி அனுப்பினா. "அண்ணா, நான் உள்ளுக்கை நிண்டனான், எனக்கு இது தெரியாது. இவர் இப்பிடியே இருந்தவர்?" அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்தச் செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இந்தப் பதிவிலுள்ள முதல் ஒன்பது படங்களும் இந்த ஆவணியில் கோண்டாவிலில் நடந்த அந்த ஒரே கலியாணத்தில் எடுத்தவை. பெண் வீட்டார் லண்டன், மாப்பிள்ளை உரும்பிராய். இரண்டு வீட்டாரும் சம்மதித்த படங்களை மட்டுமே போட்டிருக்கிறேன்.

இரண்டாவது படம் பொன்னுருக்கல். பலர் இதைப் போனில் எடுத்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. தாலிக்கான பொன் உருகுகிற இடம் அல்லவா அது? நாணயம் கரியின் மேல் சிவந்து, ஓரம் மழுங்கி, திடீரென்று ஒரு துளியாகத் திரளும். அந்தத் துளி உருண்டு மின்னுவது ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி. அப்போது பிளாஷ் அடித்தால் பொன்னும் கரியும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அதனால் வெளிச்சத்தை நெருப்புக்கு மட்டுமே அளந்து வைத்துக்கொள்வேன். சுற்றி நிற்பவர்கள் இருட்டுக்குள் போனாலும் பரவாயில்லை, பொன்னின் ஒளி அவர்கள் முகத்தில் பட்டால் போதும். இந்தப் படத்தில் ஆசாரியாரின் கன்னத்திலும் மாப்பிள்ளையின் அம்மாவின் மூக்குத்தியிலும் பட்டிருக்கிறது, பாருங்கள். பொன்னுருக்கிய பிறகு கலியாணம் வரைக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் சந்திக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே அன்று அந்த வீட்டில் நடந்ததைப் பெண் பார்ப்பது படத்தில்தான். அவவுக்காகத்தான் அவ்வளவு கிட்டப் போய் எடுக்கிறேன்.

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா அப்பாவின் கலியாண அல்பம் எங்களிடம் இல்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, எங்கள் வீட்டிலிருந்து வந்தது ஒரு சைக்கிளும் இரண்டு பையும்தான். எனக்கு அப்போது நாலு வயது. அலுமாரியில் இருந்த அல்பம் அங்கேயே இருந்தது. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. பிறகு பாரிஸிலிருந்த மாமா, தனக்குத் தபாலில் வந்திருந்த ஒரேயொரு படத்தைப் பிரதி எடுத்து அனுப்பினார். அதில் அம்மா அம்மி மிதிக்கிறா. ஓரத்தில் அப்பப்பாவின் தோள் மட்டும் தெரிகிறது. அவர் முகம் உள்ள வேறு படம் எங்கள் வீட்டில் கிடையாது. நான் அவரைப் பார்த்ததும் இல்லை.

அதனால்தான் என் கலியாணங்களில் ஓரத்தில் நிற்பவர்களைத் தோளோடு விட மாட்டேன். ஐந்தாவது படத்தைப் பாருங்கள். தாலி கட்டுகிற நேரம், கெட்டிமேளம், எல்லோர் கையிலும் அறுகரிசி. அதே நேரம் என்னோடு வந்த இரண்டாவது போட்டோக்காரர் மணவறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவருடைய வேலை அதுதான். சபையை எடுப்பது. சக்கர நாற்காலியில் இருந்த அம்மம்மா, முன்னுக்கு நிற்பவர்கள் மறைப்பதால் எழும்பப் பார்க்கிறா. பேரன் ஒருவன் ஓடிவந்து தாங்குகிறான். தாலி ஏறியதை அவ பார்த்துவிட்டா. அவ பார்த்ததை நாங்கள் பார்த்துவிட்டோம்.

ஆயத்தமாகும்போது அவ என்னிடம் கேட்டது ஞாபகம்: "தம்பி, கிழவியை எடுத்து என்ன செய்யப் போறியள்? பிள்ளையளை எடுங்கோ." அவவையும் எடுத்தேன்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம். இப்போது மண்டபங்களில் மணவறைக்குப் பின்னால் ஊதா, நீலம் என்று நிற விளக்குப் போடுகிறார்கள். கண்ணுக்கு அழகுதான். ஆனால் அந்த வெளிச்சத்தில் அரக்குக் கூறை ஊதாவாகிவிடும், மஞ்சள் பூசிய முகம் வெளிறிப்போகும், பிறகு கணினியில் எவ்வளவு திருத்தினாலும் அசல் நிறம் வராது. அதனால் கலியாணத்துக்கு முதல் நாளே மண்டபத்துக்குப் போய், சடங்கு முடியும் வரைக்கும் அந்த விளக்குகளை நிற்பாட்டச் சொல்லிக் கேட்பேன். அலங்காரக்காரரோடு கதைத்து ஒத்துக்கொள்ள வைப்பது என் பொறுப்பு, உங்களுக்கு அந்தத் தலையிடி வேண்டாம். ஐயரையும் தொடங்க முதல் சந்தித்துவிடுவேன். தாரை வார்ப்பது எப்போது, கணையாழி எடுப்பது இருக்கிறதா, அருந்ததி காட்ட வெளியே போகிறார்களா என்று கேட்டு வைத்துக்கொண்டால், சடங்கின் நடுவில் "ஐயா, திரும்பவும் ஒருக்கால்" என்று கேட்க வேண்டி வராது. நான் எந்தச் சடங்கையும் திருப்பிச் செய்யச் சொல்வதில்லை. ஹோமப் புகையில் உங்கள் கண் கலங்கினால் கலங்கியபடியே எடுப்பேன்.

வெளிப்புறப் படங்களுக்கு இடம் கேட்பவர்கள் அதிகம். என் விருப்பம் மணற்காடு. மணல்மேடும் இடிந்த பழைய தேவாலயச் சுவரும் உள்ள இடம், பின்னேரம் நாலரைக்குப் பிறகு வெளிச்சம் பொன்னாக இறங்கும். கூறையோடு அல்ல, மெல்லிய சேலையோடு வாருங்கள், காற்று பலம். நெடுந்தீவுக்குப் போனால் பவளக்கல் வேலிகளும் குதிரைகளும் கிடைக்கும், ஆனால் குறிகாட்டுவானில் காலைப் படகைப் பிடிக்க வேண்டும், ஒரு முழு நாள் போய்விடும். கலியாணத்துக்கு முதல் வாரம் அதைச் செய்யாதீர்கள், வெயிலில் முகம் கறுத்துவிடும். பண்ணைப் பாலம் சூரியன் மறையும்போது சுலபம், கிட்ட. நல்லூர் முன்வீதியில் விடியற்காலையில் எடுக்கலாம், கோயிலுக்குள் கமரா இல்லை. திருவிழா 25 நாளும் சுற்றுவீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், அதையும் கணக்கில் எடுங்கள். ட்ரோன் வேண்டும் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிமுறை உண்டு. பலாலி விமான நிலையமும் கிட்ட இருப்பதால், அனுமதி இல்லாமல் ஏற்ற மாட்டேன். ஆறு கிழமைக்கு முதலே சொல்லுங்கள்.

தேவாலயக் கலியாணங்களும் எடுக்கிறேன். அதற்குத் தனிப் பதிவு போடுவேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். தொழில் தொடங்கிய முதல் வருடம் ஒரு வீட்டின் நாலாம் சடங்குப் படங்களில் பாதியை இழந்தேன். ஒரே டிஸ்க்கில் வைத்திருந்தேன், அது பழுதாகிப் போனது. அந்த அம்மாவின் முன்னால் போய் நின்று சொன்ன நாளை மறக்க மாட்டேன். அவ கோபிக்கவில்லை, "எங்களுக்கு இது புதுசில்லைத் தம்பி" என்று மட்டும் சொன்னா. அன்றிலிருந்து இரண்டு கார்ட் ஒரே நேரத்தில் எழுதுகிற கமராவால் மட்டுமே எடுக்கிறேன். அன்றிரவே இரண்டு டிஸ்க்கில் பிரதி, ஒன்று என் வீட்டில், மற்றது அக்கா வீட்டில். மூன்றாவது இணையச் சேமிப்பில். அல்பம் கொடுத்த பிறகும் பத்து வருடம் வைத்திருப்பேன். பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று எப்போதும் இரண்டு அல்பம்தான் அடிக்கிறேன், அதற்கு மேலதிகக் காசு கிடையாது. ஒன்று இங்கே, ஒன்று கடல் கடந்து இருக்கட்டும்.

சரி, விலை. கேட்கத் தயங்குகிறவர்களுக்காக இங்கேயே எழுதுகிறேன். கலியாண நாள் முழுவதும், இரண்டு போட்டோக்காரர், ஒரு வீடியோக்காரர், 40 பக்க அல்பம் இரண்டு, நிறம் திருத்திய படங்கள் எல்லாம்: 225,000 ரூபாய். பொன்னுருக்கல் சேர்த்தால் 40,000. நாலாம் சடங்குக்கும் அவ்வளவுதான். வெளிப்புறப் படங்கள் யாழ்ப்பாணத்துக்குள் என்றால் 35,000, தீவு என்றால் படகுச் செலவு தனி. நாளைப் பிடிக்க 50,000 முற்பணம், மிச்சம் கலியாணத்துக்கு முதல் கிழமை. கலியாணம் தள்ளிப் போனால் முற்பணம் புதிய நாளுக்கு மாறும். 30 படங்கள் ஒரு கிழமையில் போனுக்கு வரும், அல்பம் எட்டுக் கிழமையில்.

ஒரு நாளில் ஒரு கலியாணம்தான் எடுப்பேன். காலையில் ஒரு முகூர்த்தம், பின்னேரம் இன்னொரு வரவேற்பு என்று ஓட எனக்கு மனம் வராது. அதனால் நாட்கள் கெதியாக முடிந்துவிடுகின்றன. வருகிற தையில் இரண்டு நாள் மிஞ்சியிருக்கிறது, வைகாசியில் ஐந்து. அடுத்த ஆவணிக்கு இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருகிறவர்கள் ரிக்கெட் போட முதல் என்னோடும் ஒருக்கால் கதையுங்கள்.

தகவல் பெட்டியில் நாலு விஷயம் எழுதி அனுப்புங்கள்: நாள், முகூர்த்த நேரம், மண்டபமா வீட்டுப் பந்தலா, உங்கள் வீட்டில் கட்டாயம் எடுக்க வேண்டிய வயதானவர்கள் யார். கடைசிக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். பெயரும் முறையும் எழுதுங்கள், "அப்பாவின் பெரியம்மா, கண் தெரியாது, முன்வரிசையில் இருப்பா" என்கிற மாதிரி. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கலியாணத்துக்கு வருவேன். பிறகு வீடியோவில் கதைப்போம். டொரன்டோவில் கோடை இரவு ஒன்பது மணி என்றால் இங்கே காலை ஆறரை, நான் எழும்பியிருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள், விரும்பினால் அம்மாமாரையும் கூட்டி வாருங்கள்.

பத்தாவது படம் அந்த அம்மம்மா. அல்பத்தைப் புரட்டித் தன் படத்தில் விரல் வைத்திருக்கிறா. அதைப் பேரன் போனில் எடுத்து அனுப்பினான்.

#யாழ்ப்பாணக்கலியாணம் #பொன்னுருக்கல் #கூறைச்சேலை #கலியாணஅல்பம்