பரோட்டாப் படை கில்டைக் கலைக்கிறோம்

படை மக்களே, வணக்கம்.

இதை வாய்ஸ் சேனலில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து மாதக்கணக்காகிறது, அதுவேதான் காரணமும். டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமையோடு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் உள்ள நம் கில்டைக் கலைத்துவிடுகிறேன். ஆபீசர்கள் நாலு பேரோடும் பேசியாகிவிட்டது. யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை, மனக்கசப்பு இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தனிச் செய்தியில் ஆளாளுக்குக் கேட்பீர்கள்.

நிலைமை உங்களுக்கே தெரியும். இந்த சீசனில் மேனாஃபோர்ஜ் ஒமேகா ரெய்டுக்கு நம் ஆட்களாக ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள். நார்மலுக்கே குறைந்தது பத்துப் பேர் வேண்டும். மீதிக்கு வெளி ஆட்களைத் தேடுவதிலேயே முக்கால் மணி நேரம் போகிறது. அவர்களும் இரண்டு தடவை வைப் ஆனால் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். சிங்கப்பூரில் இரவு ஒன்பது என்றால் சென்னையில் ஆறரை. அங்கே ஆபீஸ் முடிந்திருக்காது. மெல்போர்னில் இப்போது நள்ளிரவு. 2016-ல், லீஜன் காலத்தில், இது ஒரு பொருட்டாகவே இல்லை. அப்போது யாருக்கும் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வேலை கிடையாது.

தலைமையை வேறு யாரிடமாவது கொடுக்கலாமே என்று கார்த்தி கேட்டான். கேட்டவனிடமே நீட்டினேன், ஓடிவிட்டான். மற்ற மூவருக்கும் உண்மையிலேயே நேரம் இல்லை. பெரிய கில்டு ஒன்றோடு சேர்ந்துவிடலாம் என்றும் யோசித்தோம். சேர்ந்தால் பச்சை எழுத்தில் ஓடும் அந்தச் சாட்டில் தமிழ் இருக்காது. எனக்கு அது ஒப்பவில்லை. ஆள் இல்லாமல் தானாக அணைந்துபோவதைவிட, பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நாமாக முடிப்பது மேல் என்று தோன்றியது.

எத்தனையோ பாஸ்களை அடித்திருக்கிறோம். ஆனால் என்ஸாத்தை அடித்த 2020 லாக்டவுன்தான் என் கணக்கில் நம் பொற்காலம். வெளியே போக வழியில்லை, அதனால் ரெய்டுக்கு ஆள் வரிசையில் நின்றது. அந்தச் சண்டையில் சானிட்டி தீர்ந்துபோனவர் எதிரியின் ஆளாகிவிடுவார், நாமே அவரை அடித்துத் தீர்க்க வேண்டும். நம் ஹீலர் மீனா அக்காவுக்கு அப்படி ஆனபோது, “ஐயோ, அக்காவை எப்படி அடிப்பது?” என்று டேங்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றதும், அக்கா மைக்கில் “அடிங்கடா, நேரம் போகுது!” என்று கத்தியதும், அதற்குள் மொத்தப் படையும் தரையில் கிடந்ததும் யாராவது மறந்திருப்பீர்களா? அதே வருடம் செல்வம் அண்ணன் கோவிட் வார்டில் இருந்தபோது, அவர் வீட்டுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுத்தது இந்தக் கில்டின் ரோக். அதுவரை இருவரும் நேரில் பார்த்ததே இல்லை.

சரி, இனி நடக்க வேண்டியவை.

கில்டு பேங்கில் உள்ள தங்கத்தை, இந்த வருடம் ஒரு ரெய்டுக்காவது வந்த அனைவருக்கும் சமமாகப் பிரிக்கிறேன். அதை வைத்து வாவ் டோக்கன் வாங்கி ஒரு மாத விளையாட்டு நேரமாக மாற்றிக்கொண்டாலும் சரி, ஏலக் கடையில் கரைத்தாலும் சரி. ஃபிளாஸ்க், ஜெம், என்சான்ட் எல்லாம் முதலில் கேட்பவருக்கு. 26-ம் தேதிக்குள் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் மிச்சமிருந்தால் நான் விற்றுவிடுவேன், அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது. மிட்நைட் வந்ததும் தீவிரமாக ரெய்டு பண்ண நினைப்பவர்கள் சொல்லுங்கள். ஃப்ராஸ்ட்மோர்னில் எனக்குத் தெரிந்த இரண்டு கில்டு லீடர்களிடம் பேசி வைத்திருக்கிறேன். உங்கள் லாக்ஸைப் பார்த்துவிட்டு ஒருவர் ரொம்பவே ஆர்வமாக இருக்கிறார். டிஸ்கார்டு அப்படியே இருக்கும். கிரிக்கெட் சேனலை மூடினால் என்னை அடிக்க வருவீர்கள் என்று தெரியும்.

கடைசி ரெய்டு டிசம்பர் 20, சனிக்கிழமை, சிங்கப்பூர் நேரம் இரவு ஒன்பது. போவது நியாலோத்தாவுக்கு. இப்போதைய லெவலில் என்ஸாத் நமக்கு ஒரு அடிக்குத் தாங்கமாட்டான், அதனால் கியர் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். சப்ஸ்கிரிப்ஷன் முடிந்தவர்கள் வாய்ஸில் மட்டும் வந்தாலும் போதும். 28-ம் தேதி இரவு பத்து மணிக்கு நான் /gdisband அடிப்பேன். அப்போது கூட இருக்க நினைப்பவர்கள் ஆர்கிரிமார் பேங்க் வாசலுக்கு வந்துவிடுங்கள், எல்லாரும் டேபர்டு போட்டு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். இருபதாம் தேதிக்கு வருபவர்கள் இந்தச் செய்திக்குக் கீழே உங்கள் கேரக்டர் பெயரைப் போடுங்கள். மீனா அக்கா, நீங்கள் ஹீலராகத்தான் வர வேண்டும்.

முத்து
பரோட்டாப் படை, ஃப்ராஸ்ட்மோர்ன்