காலைப் பலகைக்குத் தமிழ் வரிகள்: எலும்பு முறிவு வார்டு, பினாங்கு

காலை 7 மணி பாஸ் ஓவருக்கு நிற்கும் எல்லோருக்கும் வணக்கம். பலகையின் மேல்பாதியில் சுகாதார அமைச்சின் மூன்று சொற்கள் எப்போதும் இருக்கின்றன: பெஞாயாங், புரொபெஷனலிஸ்மே, கெர்ஜா பெர்பாசுக்கான். பரிவு, தொழில் நேர்மை, கூட்டாக வேலை செய்வது. மூன்றாவது சொல்லுக்குக் கீழே தினமும் ஒரு தமிழ் வரி எழுதிக்கொள்ளலாம் என்று சிஸ்டர் சொன்னார். இந்த மாதத்துக்கான வரிகள் இவை. ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். மலாய், சீனத் தோழர்களுக்கு அர்த்தத்தையும் சொல்லுங்கள்.

"ஒற்றுமையே பலம்" போன்றவற்றை நான் சேர்க்கவில்லை. நல்ல வாக்கியம்தான், ஆனால் படித்தவர் அடுத்த நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லாது. எனக்கு வேண்டியது கையை அசைக்க வைக்கிற வரி.

"கேட்டேன் என்று நீ சொல்லும்வரை, நான் சொன்னது பாதிதான்."

"12ஆம் கட்டில், சுகர் 3.1" என்று ஒருவர் குரல் கொடுத்தால், "12, சுகர் 3.1, நான் போகிறேன்" என்று திரும்பச் சொல்லுங்கள். தலையாட்டினால் போதாது. முதுகைக் காட்டி நிற்பவருக்குத் தலையாட்டல் தெரியாது.

"நான் அப்போதே சொல்லிட்டேனே என்பது பாஸ் ஓவர் ஆகாது."

இது என் சொந்த வாழ்க்கையில் வந்த வரி. வேறொரு மருத்துவமனையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வருடம். இரவு ஷிப்டில் ஒரு பாட்டி, "எனக்குப் பென்சிலின் ஒத்துக்காதும்மா, உடம்பெல்லாம் தடிச்சுப் போகும்" என்றார். நடைபாதையில் எதிரே வந்தவரிடம் சொன்னேன். அவர் கையில் பை, வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் எழுதவில்லை, சிவப்புப் பட்டையும் கட்டவில்லை. சொல்லியாகிவிட்டது என்று மனம் நிம்மதியாகிவிட்டது. காலையில் ஊசி மருந்து டிரேயில் வந்து நின்றது. தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காதான், "மிஸ்ஸி, ராத்திரி பாட்டி ஏதோ மருந்து ஆகாதுன்னு சொன்னாங்களே" என்றார். பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை நினைக்கிறேன்.

அந்த அக்காவுக்காகவே அடுத்த வரி:

"சந்தேகம் கேட்பவர் இந்த வார்டில் எந்த வேலை பார்த்தாலும், முதலில் கை நிற்கட்டும். பதில் அப்புறம்."

"மணி அடித்தால் அது எல்லோருடைய கட்டில்."

"எடுத்தவருக்கு இரண்டு கண். சரிபார்ப்பவருக்கு இரண்டு கண். இன்சுலினுக்கு நாலு கண்ணும் வேண்டும்."

ஹெப்பாரினுக்கும் பொட்டாசியத்துக்கும் இதுவே. தூரத்திலிருந்து "சரி சரி" என்று சொல்வதைச் சரிபார்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் வந்து, லேபிளைப் படித்து, அப்புறம் கையெழுத்து.

"தலையைப் பிடித்தவர் எண்ணுவார். மற்ற எல்லோரும் அந்தக் குரலுக்குத் திரும்புவோம்."

நம் வார்டுக்கென்றே எழுதிய வரி. மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு வரும் பையன்களை லாக் ரோல் செய்யும்போது குறைந்தது நாலு பேர் வேண்டும்: தலைக்கு ஒருவர், தோள், இடுப்பு, கால் என்று மூவர். முதுகைப் பார்க்க ஐந்தாவது ஆள் இருந்தால் இன்னும் நல்லது. எண்ணிக்கை ஒரே வாயிலிருந்து வரட்டும். "சத்து, டுவா, திகா" என்று எண்ணும் முன்னாலேயே, திகாவில் திருப்புகிறோமா, திகா முடிந்தபிறகா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அரை நொடி வித்தியாசத்தில் தோள் முதலில் திரும்பி, இடுப்பு பின்னால் நிற்கும்.

ஒருமுறை தலையைப் பிடித்திருந்தவர் வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆன ஸ்டாப் நர்ஸ். இடுப்பருகே நின்றவர் ஸ்பெஷலிஸ்ட். கையை வைத்துக்கொண்டு, அந்தப் பெண் வாய் திறக்கும்வரை அசையாமல் காத்திருந்தார். அவள் குரல் முதலில் நடுங்கியது, மூன்றாவது எண்ணில் தெளிவாகிவிட்டது. மரியாதை என்றால் எனக்கு அந்தக் காட்சிதான்.

"பெராத் சாமா டிபிக்குல், ரிங்கான் சாமா டிஜின்ஜிங்."

கனமானதைச் சேர்ந்து தோளில் சுமப்போம், லேசானதைச் சேர்ந்து கையில் எடுப்போம். பலகைக்கான வரியை மட்டும் மலாயிலேயே விட்டிருக்கிறேன். நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே.

"ஊர் கூடித் தேர் இழு. தேர் போன பாதையையும் ஊர் கூடிப் பெருக்கு."

முதல் பாதி பழமொழி, இரண்டாம் பாதி நான் சேர்த்தது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் ரதம் தண்ணீர்மலை நோக்கிப் போகும்போது, தேங்காய் உடைப்பதை எல்லோரும் படம் எடுக்கிறோம். சிரட்டைகளை ஓரமாக வாரி, வெறுங்காலோடு வருகிறவர்களுக்கு வழிவிடும் ஆட்களைப் படம் எடுப்பவர் குறைவு. நம் வார்டில் அந்த வேலையைச் செய்பவர்கள் பிபிகே அண்ணன்களும் அக்காக்களும். இந்த வரி வரும் காலையில், முந்தின நாள் யார் என்ன உதவி செய்தார் என்று அவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

"பெயர் தெரிந்தால் குரல் வரும்."

உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் செய்வதை இங்கேயும் செய்வோம். நாலு மாதத்துக்கு ஒருமுறை புது ஹவுஸ்மேன்கள் வருகிறார்கள். முதல் நாளே பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள். "டாக்டர், ஒரு நிமிஷம்" என்பதைவிடப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது ஆள் சட்டென்று திரும்புவார்.

"இரண்டு நிமிடம் அழுத்தினாயா? கையை மாற்று."

சிபிஆரில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். கை சோர்ந்தால் ஆழம் குறையும், சோர்வது அழுத்துபவருக்கே தெரியாது. "நான் தாங்குவேன்" என்று யாரும் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அடுத்தவர் பக்கத்தில் தயாராக நிற்கட்டும்.

"ஒற்றை ஆளாய்த் தூக்கி உன் முதுகையும் இந்த வார்டில் சேர்க்காதே."

"தீபாவளிக்கு எனக்காக நீ நின்றாய். ராயாவுக்கு உனக்காக நான் நிற்கிறேன்."

இதைப் பண்டிகைக்கு முந்தின வாரம் எழுதுங்கள். சீனப் புத்தாண்டுக்கும் சேர்த்துத்தான். போன தீபாவளிக்கு ஒரு மலாய் தோழி என் இரவு ஷிப்டை எடுத்துக்கொண்டதால்தான், விடியற்காலையில் அம்மா கையால் எண்ணெய் வைத்துக்கொள்ள முடிந்தது. அவளுக்கு இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. அந்தக் காலை பலகையை நானே எழுதுகிறேன்.

எழுதுபவர்களுக்கு: எழுத்து பெரியதாக இருக்கட்டும், கடைசியில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும். அந்த வழியாகப் பார்வையாளர்கள் போவதால் நோயாளி பெயரையோ கட்டில் எண்ணையோ பலகையில் எழுத வேண்டாம். உங்கள் சொந்த வரி இருந்தால் தாளில் எழுதி என்னிடம் கொடுங்கள். நீல மார்க்கர் கவுண்டரின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது.